கெடு தாண்டிய ஐந்தாம் நாள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தொகையும் தேதியும் உதாரணத்துக்காக வைத்தவை. நடைமுறை அந்த ஊரில் அன்றாடம் காண்பது. பதினோரு வருடமாக ஒரே நிறுவனத்துக்குப் பெட்டி போகிறது. இதுவரை ஒரு செக்கூடத் திரும்பியதில்லை. 2025 ஜூன் 9-ஆம் தேதி ஒரு பில் போட்டார்கள். சரக்கின் விலை 1,65,000, ஜி.எஸ்.டி. 19,800, ஆக மொத்தம் 1,84,800 ரூபாய். பர்ச்சேஸ் ஆர்டரில் முப்பது நாள் கடன் என்று அச்சாகியிருக்கிறது. பட்டறைக்காரர் கணக்குப்படி கெடு ஜூலை 9, புதன்கிழமை. வியாழன் காலை வங்கிக் கணக்கைப் பார்த்தார், வரவு இல்லை. வெள்ளியன்றும் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான சிறு தொழில்காரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வியாழன் மதியமே போனை எடுத்து, "என்னங்க, பணம் இன்னும் வரலையே?" என்று முதலாளியிடமே கேட்டுவிடுகிறார்கள். அவர்களைவிட அதிகம் பேர் கேட்கவே மாட்டார்கள். பதினோரு வருடப் பழக்கம், இரண்டு லட்சத்துக்கும் குறைவான தொகை, கேட்டால் தப்பாக நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். அதற்குள் காகித ஆலைக்காரன் இவரை நெருக்கத் தொடங்குவான். நாற்பதாவது நாள் ஒருநாள் மாலை, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து ஒரே போனில் கொட்டும். எதிர்முனையில் இருப்பவருக்கோ அதுவரை இப்படி ஒரு பில் நிற்பதே தெரியாது. கூச்சப்பட்டுக் காத்திருந்த நாட்களை அவர் பார்க்கவில்லை. அவர் காதில் விழுந்தது அந்தக் கடைசிக் குரல் மட்டும்தான்.

பழைய வாடிக்கையாளரிடம் இதமாகக் கேட்க முடிவது கெடு தாண்டிய முதல் சில நாட்களில்தான். அப்போது கேட்பவரின் பையிலும் பணம் இருக்கிறது, மனதிலும் மனத்தாங்கல் இல்லை. ஆகவே முதல் நினைவூட்டல் தள்ளிப்போட வேண்டிய காரியம் அல்ல. ஆனால் எந்த நாள், யாரிடம், எந்தச் சொல்லில் என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

முதலில் சொந்த வீட்டுக் கணக்கு

செய்தி அனுப்பும் முன் பார்க்க வேண்டியது வாடிக்கையாளரை அல்ல, தன் பக்கத்துக் காகிதங்களை. பழைய, நேர்மையான வாடிக்கையாளர் ஒருவரின் பணம் நாலைந்து நாள் தாமதமானால், காரணம் பெரும்பாலும் ஒரு சீட்டு எங்கோ நிற்பதுதான். அந்தச் சீட்டு விற்றவர் பக்கத்திலேயே நிற்பதும் உண்டு.

கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் அடிக்கடி சிக்கல். பெட்டிக்காரர் பில் தேதியிலிருந்து முப்பது நாள் எண்ணுகிறார். வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவோ, சரக்கை எண்ணிப் பார்த்து வரவு வைத்து ஜி.ஆர்.என். சீட்டு போட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. நம் உதாரணத்தில் பெட்டிகள் ஜூன் 10 அன்று இறங்கின. ஸ்டோர்காரர் எண்ணி ஜி.ஆர்.என். போட்டது 12-ஆம் தேதி. அவர்கள் கணினியில் கெடு ஜூலை 12. அது சனிக்கிழமை. அந்த நிறுவனம் வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியாருக்குப் பணம் அனுப்பும்: செவ்வாய் மாலை பட்டியல் தயாராகும், புதன் கையெழுத்தாகிப் பணம் போகும். ஆக அவர்கள் வழக்கப்படி இந்தப் பில்லுக்கு உரிய நாள் ஜூலை 16. பட்டறைக்காரர் வியாழன் போன் செய்து 'தாமதம்' என்று சொன்னால், அது அவர்கள் காதில் இல்லாத குற்றச்சாட்டாகவே விழும். ஆர்டரில் முப்பது நாள் என்று போட்டவர்கள் எந்த நாளிலிருந்து என்று போடவில்லை. இரண்டு தரப்பும் தத்தம் கணக்கில் நியாயமாகத்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது ஜி.எஸ்.டி. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் ஜூன் மாதத்துப் பில்களை ஜூலை 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1-இல் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால்தான் 14-ஆம் தேதி தயாராகும் 2பி என்ற பட்டியலில் அந்தப் பில் வாங்கியவருக்குத் தெரியும். 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் ஏற்றாத பில்லுக்கு வாங்கியவர் வரிக் கழிவு எடுக்க முடியாது. நம் பில்லில் 19,800 ரூபாய் அப்படித் தொங்குகிறது. அதனால் பல நிறுவனங்கள், 2பி-யில் பில் வந்ததா என்று பார்த்த பிறகே பணத்தை விடுகின்றன. சிலர் வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை அனுப்புகிறார்கள். தான் இன்னும் தாக்கலே செய்யாமல் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்புபவருக்கு வரும் பதில், "உங்க பில்லு 2பி-ல வரலைங்களே" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மேல் அந்த உரையாடலில் கேட்டவருக்குப் பேச எதுவும் மிஞ்சாது.

லெட்ஜரையும் ஒருமுறை புரட்ட வேண்டும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு பில்களுக்கு எத்தனையாவது நாளில் பணம் வந்தது? ஒரு வாடிக்கையாளர் எப்போதும் முப்பத்தாறு, முப்பத்தேழாம் நாளில்தான் அனுப்புகிறார் என்றால், முப்பத்து மூன்றாம் நாளில் அவர் தாமதிக்கவில்லை; வழக்கம்போல இருக்கிறார். பதினோரு வருடம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டு இந்த மாதம் மட்டும் திடீரென்று கேட்டால், 'என்ன ஆச்சு, நம்மைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாரா?' என்றுதான் அவர் யோசிப்பார். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு வேறு நாள், வேறு பேச்சு. எப்போதும் இருபத்தெட்டாம் நாளில் அனுப்புகிறவர் முப்பத்தைந்து நாள் ஆகியும் அனுப்பவில்லை என்றால் அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கெடுவைவிட அவருடைய வழக்கம் நம்பகமான அளவுகோல்.

கடைசியாக, பணம் வேறெங்காவது வந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு கொஞ்சம் குறைவாக வந்த தொகையை வேறு பில்லுக்கு வரவு வைத்திருக்கலாம். இரண்டு பில்லுக்குச் சேர்த்து ஒரே தொகையாக வந்திருக்கலாம். பணம் அனுப்பியவரிடமே பணம் கேட்பதைவிட மோசமான முதல் நினைவூட்டல் இல்லை.

எந்த நாள், எந்த நேரம்

நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. ஞாயிறு நள்ளிரவிலும் பணம் அனுப்பலாம். ஆனால் பணத்தை அனுப்பும் மனிதர்களுக்கு இன்னும் வாரம் இருக்கிறது, மாதம் இருக்கிறது, பண்டிகை இருக்கிறது.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளி மதியத்திலிருந்து கணக்குப் பிரிவின் கவனம் முழுக்கக் கூலிப் பட்டியலிலும் ரொக்கத்திலும் இருக்கும். அன்று வரும் நினைவூட்டலை யாரும் திறந்து பார்த்துக் கவனமாக மூட மாட்டார்கள். படித்துவிட்டு 'அப்புறம்' என்று வைப்பார்கள், அந்த அப்புறம் வராது. மாதத்திலும் இப்படி முட்டும் நாட்கள் உண்டு. டி.டி.எஸ். கட்ட 7-ஆம் தேதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15, ஜி.எஸ்.டி. வரி கட்ட 20. வரிக்கு முந்திய நாள் கையிருப்பெல்லாம் அரசுக்கென்று ஒதுங்கிவிடும். தீபாவளி போனஸ் வாரத்தில் கேட்பதும், பொங்கலுக்கு ஊர் காலியான பிறகு கேட்பதும் ஒன்றுதான்.

வழக்கங்களையும் மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணத்தை விட விரும்பாதவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு பணப் பேச்சே எடுக்காத பழைய முதலாளிகள் இருக்கிறார்கள். இது சரியா தவறா என்று விவாதிக்க நினைவூட்டல் இடமில்லை. பதினோரு வருடம் பழகியவருக்கு எதிர்முனை எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் வெள்ளி மாலை ஏழு மணிக்கு அனுப்பினால் அது அக்கறையின்மை. வாடிக்கையாளர் வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டால், கெடு எவ்வளவு தாண்டியிருந்தாலும் அந்த வாரம் எதுவும் அனுப்புவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேள்விப்படும்படி தொடர்பில் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நம் பில்லுக்கு ஒரு நாள் தானாகவே மேலே வருகிறது. வியாழன் 10-ஆம் தேதி ஆக முன்னதாக இருக்கும். வெள்ளி, சனி ஆகாது. அந்தச் சனி இரண்டாம் சனி, வங்கியும் இல்லை. ஞாயிறு கூடாது. ஜூலை 14, திங்கட்கிழமை: 2பி பட்டியல் வரும் நாள், செவ்வாய் மாலைப் பட்டியலுக்கு ஒரு முழு நாள் முந்தைய நாள், கெடு தாண்டி ஐந்தாம் நாள். திங்கள் காலை முதல் ஒரு மணி நேரம் எல்லா அலுவலகத்திலும் கூச்சலாக இருக்கும். பதினொரு மணி வாக்கில் அனுப்பலாம்.

ஐந்தாம் நாள் என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. மாதம் இரண்டு முறை மட்டும், 10-லும் 25-லும், பணம் விடும் நிறுவனத்துக்கு வேறு கணக்கு வரும். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: அவர்கள் அடுத்த பட்டியல் எழுதுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் செய்தி அவர்கள் கையில் இருக்க வேண்டும். பட்டியல் முடிந்த மறுநாள் போகும் நினைவூட்டல், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், ஒரு முழுச் சுற்று காத்திருந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. "உங்க பேமெண்ட் லிஸ்ட் எந்தக் கிழமை போடுவீங்க?" என்று பாக்கி எதுவும் இல்லாத ஒரு நாளில் கேட்டு வைத்துக்கொள்வது பின்னால் பத்து நினைவூட்டல்களை மிச்சப்படுத்தும்.

யாருக்கு, எந்தச் சொல்லில்

முதல் செய்தி முதலாளிக்குப் போகக் கூடாது. பதினோரு வருடத்தில் முதலாளியின் எண் கைபேசியில் முதலிடத்தில் இருக்கும், விரல் அங்கேதான் போகும். ஆனால் முதலாளிக்கு அந்தப் பில் நிற்பது தெரியாது. அவர் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு, "ஏன் நிறுத்தி வச்சீங்க?" என்று கேட்பார். அங்கே இருக்கும் அம்மாவுக்கு, தன்னைத் தாண்டிப் போய்ப் புகார் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றும். அடுத்த பல வருடங்களுக்கு இந்தப் பட்டறையின் பில்லைப் பட்டியலில் மேலே வைப்பதும் கீழே வைப்பதும் அவர் கையில்தான். முதல் நினைவூட்டலை அவருக்கே அனுப்பினால், விஷயம் அவர் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. யாருடைய முகமும் வாட வேண்டியதில்லை.

பர்ச்சேஸ்காரர்களும் மெர்ச்சண்டைசர்களும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போடவும் கூடாது. பத்துப் பேர் முன்னால் கேட்கப்பட்ட பாக்கி, கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டிருந்தாலும், அவமானமாகத்தான் வாங்கிக்கொள்ளப்படும். போனைவிட எழுத்து நல்லது. போனில் கேட்டால் பில்லைத் தேடிப் பார்க்க அவகாசமில்லாமல் ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் "நாளைக்குப் போட்டுடறங்க". எழுத்தில் வந்தால் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

நம் பட்டறைக்காரர் திங்கள் காலை அனுப்பக்கூடிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். பெட்டி பில் எண் 214, ஜூன் 9 தேதி, ரூ.1,84,800. எங்கள் கணக்கில் ஜூலை 9 கெடு என்று இருக்கிறது. வரவு இன்னும் வரவில்லை. இந்த வார லிஸ்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுங்களா? பில்லிலோ சரக்கிலோ ஏதாவது நிற்கிறது என்றால் சொல்லுங்கள், இன்றே சரிசெய்து தருகிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யு.டி.ஆர். நம்பர் மட்டும் போதும். பில், டெலிவரி சலான் இத்துடன் வைத்திருக்கிறேன்." கீழே அனுப்பியவரின் சொந்தப் பெயர்.

இதில் 'நீங்கள்' தாமதித்தீர்கள் என்று எங்கும் வரவில்லை. வரவில்லை என்று சொல்லப்படுவது பணம். 'எங்கள் கணக்கில்' என்ற ஒரு சொல், அவர்கள் கணக்கில் வேறு தேதி இருக்கலாம் என்பதற்கு இடம் வைக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. அதிலேயே 'இந்த வார லிஸ்ட்' என்று ஒரு காலமும் இருக்கிறது. தாமதத்துக்குக் கௌரவமான இரண்டு காரணங்களையும் செய்தியே எடுத்துக் கொடுக்கிறது: ஒன்று, ஏதோ காகிதம் நிற்கிறது, மற்றது, பணம் ஏற்கெனவே போய்விட்டது. பில்லைத் தேட அவர் எழுந்துபோக வேண்டியதில்லை, கூடவே வந்திருக்கிறது.

இதமாக எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "சும்மா ஞாபகப்படுத்தலாம்னுதான் மேடம், ஒண்ணும் அவசரமில்லை, உங்க சௌகரியம்போலப் பாருங்க." கேட்க இனிமையான வாக்கியம். கணக்குப் பிரிவு இதை என்ன செய்யும்? மேசையில் இருபது பில் இருக்கிறது, அதில் ஒருவர் அவசரமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தப் பில் அடியில் போகும், அவர் சொன்னபடியே. மரியாதைக்குத் தெளிவைப் பலிகொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பில் எண்ணையும் தொகையையும் தேதியையும் நேராகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வழுக்கல். தன் கஷ்டத்தைச் சொல்வது: ஆட்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லை, வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழைய வாடிக்கையாளர் இதைப் படித்ததும் பணத்தைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டார். அடுத்த மாத ஷிப்மெண்டுக்கு இந்தப் பட்டறை பெட்டி கொடுக்குமா என்று யோசிப்பார், மாற்று ஆள் ஒருவரைப் பார்த்து வைப்பார். ஐந்து நாள் தாமதத்துக்கு அவ்வளவு பெரிய விலை வேண்டாம்.

அடுத்த லோடோடு முடிச்சுப் போடுவதும் முதல் செய்தியில் ஆகாது. "பணம் வந்ததும் அடுத்த லோடு ஏத்திடறோம்" என்பது மென்மையாகச் சொன்னாலும் மிரட்டல்தான். மொத்த லெட்ஜரையும் இணைத்து அனுப்புவது இன்னொரு தவறு. கெடு வராத பில்களும் சேர்ந்து ஏழு லட்சம் என்று அடியில் கூட்டுத்தொகை நிற்கும். படிப்பவர் கண் அந்த ஏழு லட்சத்தில்தான் நிலைக்கும். கேட்பது ஒரு பில் என்றால் ஒரு பில்லை மட்டுமே அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தையும் செய்தியில் புதிதாக எழுத வேண்டாம். அது பில்லிலேயே இருக்கிறது. கணக்கு எண் மாறிவிட்டது என்று போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பும் மோசடிகள் பெருகியிருப்பதால், விவரம் தெரிந்த கணக்குப் பிரிவு புதிய எண்ணைக் கண்டாலே பணத்தை நிறுத்திவிடும்.

கீழே சொந்தப் பெயர் போடுவது சிறிய விஷயமாகத் தெரியும். பிலிப்பைன்ஸில் சிறுகடன் வாங்கியவர்களுக்குக் குறுஞ்செய்தியில் தவணையை நினைவூட்டி, டீன் கார்லன், மெலனி மார்ட்டன், ஜோனதன் ஜின்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 'கட்டினால் நன்மை', 'கட்டாவிட்டால் இழப்பு' என்று சொல்லை மாற்றிப் பார்த்ததில் உறுதியான பலன் தெரியவில்லை. செய்தியில் கடன் அதிகாரியின் பெயர் இருந்தபோது பலன் தெரிந்தது; அதுவும் அந்த அதிகாரியோடு முன்பே பழகிய பழைய வாடிக்கையாளர்களிடம்தான், புதியவர்களிடம் இல்லை. தனிமனிதர்களின் சிறுகடன் வேறு, நிறுவனத்தின் பில் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு மென்பொருள் தானாக அனுப்பும் ஆள் பேர் தெரியாத செய்தியைப் பதினோரு வருட வாடிக்கையாளருக்குத் தட்டிவிடும் முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

சட்டம் எங்கே நிற்க வேண்டும்

சிறு உற்பத்தியாளர் பக்கம் பலமான சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) விதி இன்னும் கூர்மையானது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வருடம் வரும்வரை வாங்கியவர் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது.

இவற்றில் எதையும் முதல் செய்தியில் எழுதக் கூடாது. கணக்கே போட்டுப் பார்க்கலாம். 2025 ஜூலையில் பேங்க் ரேட் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25. நம் பில்லுக்கு நாளொன்றுக்கு 87 ரூபாய், ஐந்து நாளுக்கு 440 ரூபாய்க்குள். அந்த 440 ரூபாய்க்காகச் சட்டப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டால், பழைய வாடிக்கையாளர் அதைத் தன் வக்கீலிடம் காட்டுவார். உரையாடல் அன்றோடு கணக்குப் பிரிவைவிட்டு வெளியேறிவிடும். சட்டம் நிற்க வேண்டிய இடம் பில்லின் தலைப்பு. அங்கே உத்யம் பதிவு எண்ணை அச்சிட்டு வைத்தாலே போதும். வாங்கும் நிறுவனத்தின் ஆடிட்டர் அதைப் பார்த்து, யாருக்குக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும் என்று தானே பிரித்து வைப்பார். ஒரு வார்த்தை பேசாமல் நடக்கும் நினைவூட்டல் அது. மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பதில் வந்த பிறகு

திங்கள் பன்னிரண்டரைக்குப் பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "சார், ஜி.ஆர்.என். 12-ந்தேதி போட்டிருக்கு, எங்களுக்கு 12 டியூ. 2பி இன்னிக்கு செக் பண்ணிட்டேன், வந்திருச்சு. புதன்கிழமை லிஸ்ட்ல இருக்குங்க. அறுபது பெட்டி ஈரமா இருந்துச்சுன்னு ஸ்டோர்ல ரிமார்க் இருக்கு, கிரெடிட் நோட் அனுப்பிடுங்க."

பட்டறைக்காரருக்கு இதுவரை தெரியாத ஒன்று இந்தப் பதிலில் வந்திருக்கிறது. அறுபது ஈரப் பெட்டி. நினைவூட்டல் அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தக் குறிப்பு ஸ்டோரிலேயே கிடந்து, புதன்கிழமைப் பட்டியல் எழுதும்போது பில்லை மறுபடி நிறுத்தியிருக்கும். சரக்கில் குறை இருந்தால் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்த நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் பதினோரு வருட வாடிக்கையாளரிடம் அறுபது பெட்டிக்கு அந்த விதியைக் காட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. ஸ்டோர்காரரிடம் ஒரு போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்து, சரியென்றால் அன்று மாலையே கிரெடிட் நோட் அனுப்பிவிட வேண்டும். 'இன்றே சரிசெய்து தருகிறேன்' என்று செய்தியில் எழுதியதற்கு அன்றே மதிப்பு வந்துவிடும்.

எல்லாப் பதிலும் இவ்வளவு நல்லதாக வராது. "பேமெண்ட் போட்டாச்சுங்க" என்று மட்டும் வந்தால், நன்றி சொல்லி யு.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த எண் இருந்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட முடியும். "சீக்கிரம் பார்க்கறோம்" என்று வந்தால், "இந்தப் புதனா, அடுத்த புதனா மேடம்? எங்கள் பக்கம் குறித்துக்கொள்கிறேன்" என்று ஒரே ஒரு கேள்வி. பதிலே இல்லையென்றால் அன்று மாலையே மறுபடி கேட்கக் கூடாது. நீல டிக் விழுந்தது என்பதற்காக அவர் உடனே எழுந்து பில்லைத் தேட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. புதன்கிழமைப் பட்டியல் போகட்டும். பணம் வராவிட்டால் வியாழன் 17 அன்று அதே அம்மாவுக்கு ஒரு போன். அதற்கும் அடுத்த புதன் தாண்டினால்தான் முதலாளி.

அதற்கிடையில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. எப்போதும் நெஃப்டில் அனுப்புகிறவர் பின்தேதியிட்ட செக் தருகிறேன் என்கிறார். முழுத்தொகைக்குப் பதில் காரணம் சொல்லாமல் ஐம்பதாயிரம் மட்டும் வருகிறது. கணக்குப் பிரிவில் இரண்டு மாதத்தில் இரண்டு ஆள் மாறிவிட்டார்கள். பில் நிற்கும்போதே வழக்கத்தைவிடப் பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது. ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் விஷயம் சீட்டில் இல்லை, கையிருப்பில் இருக்கிறது. அப்போதும் முதல் செய்தியின் தொனியை மாற்ற வேண்டியதில்லை. அடுத்தடுத்த படிகளுக்கு இடையிலான நாட்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நேரில் ஒருமுறை போய்வர வேண்டும்.

நம் உதாரணத்தில் புதன் மாலை பணம் வந்துவிடுகிறது, ஈரப் பெட்டிக்கான தொகை கழித்து. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது. "வரவு வந்துவிட்டது மேடம், மிக்க நன்றி" என்று ஒரு வரி அன்றே போக வேண்டும். பிறகு லெட்ஜரில் இந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் 'ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 30 நாள், புதன் பேமெண்ட், செவ்வாய் மாலை லிஸ்ட், 2பி பார்த்த பிறகு' என்று எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆர்டர் பேசும்போது, முப்பது நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதை ஆர்டரிலேயே போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஜூலையில் போட்ட பில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கெடுவை இந்தப் புதுக் கணக்கில் எண்ணினால் ஆகஸ்டில் வேறொரு புதன்கிழமை வருகிறது.